சந்தா எந்தத் தேதியில் தானாக நீளும், பணம் எப்போது திரும்பும்: நிபந்தனைகளில் தேடும் முறை

வாசகர் கேள்வி: “வரைகலை மென்பொருள் ஒன்றுக்கு, அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஆண்டுச் சந்தா எடுத்தேன். முதல் 14 நாள் இலவசம். 2025 பிப்ரவரி 24 அன்று பதிவு செய்தேன். மார்ச் 10 அன்று கார்டிலிருந்து பணம் போனது. இன்னொரு ஆண்டுக்கு எனக்கு அது வேண்டாம். நிபந்தனைகளைத் திறந்தால் இருபது பக்கம் ஆங்கிலம், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எந்தத் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும்? இப்போதே ரத்து செய்தால் மீதி மாதங்களுக்குப் பணம் வருமா? இதெல்லாம் அதில் எங்கே இருக்கும்?”

பதில்:

அந்த இருபது பக்கத்தை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது அதில் ஏழெட்டு வாக்கியங்கள்தான். ஆனால் அவை ஒரே இடத்தில் இருப்பதில்லை. சில சமயம் நீங்கள் திறந்து வைத்திருக்கும் பக்கத்திலேயே இருப்பதில்லை. அதனால் முதல் வேலை, சரியான ஆவணத்தைக் கண்டுபிடிப்பது.

பணம் கட்டியபோது மின்னஞ்சலில் வந்த ரசீதை முதலில் எடுங்கள். அதில் விற்றவர் யார் என்று பாருங்கள். மென்பொருள் நிறுவனத்தின் பெயரே இருந்தால் நல்லது. சில நிறுவனங்கள் பணம் வாங்கும் வேலையை வேறொருவரிடம் விட்டிருப்பார்கள். ரசீதிலும் கார்டு கணக்கிலும் பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் போன்ற இடைநிலை விற்பனையாளரின் பெயர் வரும். அப்படி இருந்தால் சட்டப்படி உங்களுக்கு விற்றவர் அவர்தான். பணம் திரும்பத் தருவது பற்றிய விதி அவருடைய பக்கத்திலும் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். ஃபோனில் ஆப் ஸ்டோர் வழியாக வாங்கியவர்களுக்குப் பாதையே வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, பணம் கட்டும் பக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கட்டணப் பொத்தானுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘இதை அழுத்தினால் இன்னின்னவற்றை ஏற்கிறீர்கள்’ என்று இரண்டு மூன்று இணைப்புகள் இருந்திருக்கும். பலர் `Terms of Service` என்ற ஒன்றை மட்டும் திறந்து படித்துவிட்டு ‘பணத்தைப் பற்றி எதுவுமே இல்லையே’ என்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பொது ஆவணத்தில் ஒற்றை வாக்கியம்தான் இருக்கும்: ‘சந்தாக்களுக்கு எங்கள் சந்தா நிபந்தனைகள் பொருந்தும்’. அந்தச் சொல்லே ஒரு இணைப்பு. அதை அழுத்தினால்தான் `Subscription Terms`, `Billing Terms`, `Refund Policy` என்ற பெயர்களில் உண்மையான பணவிதிகள் திறக்கும். இரண்டு ஆவணங்களும் வேறு வேறாகச் சொன்னால் எது செல்லும் என்பதையும் அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். `conflict` அல்லது `precedence` என்று தேடினால் அந்த வாக்கியம் கிடைக்கும். பொதுவாக, ஆர்டர் விவரமும் சந்தா நிபந்தனையும் பொது ஆவணத்துக்கு மேலே நிற்கும்.

ஆவணத்தின் தலைப்பில் உள்ள கடைசியாகத் திருத்திய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது மார்ச் 10-க்குப் பிந்தியதாக இருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்ட பதிப்பு வேறு. பழைய பதிப்புகளைச் சில நிறுவனங்கள் அதே பக்கத்தின் அடியில் வைத்திருக்கும். இல்லையென்றால் web.archive.org தளத்தில் அந்தப் பக்க முகவரியைக் கொடுத்து, மார்ச் மாதப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பதிப்பு உங்களைக் கட்டும் என்பதற்கு `changes to these terms` என்ற பகுதியைப் படிக்க வேண்டும். சில ஆவணங்களில் திருத்தம் அடுத்த புதுப்பிப்பிலிருந்துதான் பொருந்தும்; சிலவற்றில் தொடர்ந்து பயன்படுத்தினாலே பொருந்தும். கிடைத்த பக்கங்களை எல்லாம் இன்றே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள்.

இனி தேடல். Ctrl+F அழுத்தி, முழுச் சொல்லாக இல்லாமல் சொல்லின் வேர்ப்பகுதியை மட்டும் அடியுங்கள். வாக்கியத்தில் அது எந்த வடிவத்தில் வந்தாலும் சிக்கும்.

```
renew
recurring
cancel
terminat
refund
prorat
pro rata
notice
```

`terminat` என்று பாதியில் நிறுத்தியது பிழையில்லை; அப்போதுதான் வினையாகவும் பெயராகவும் வரும் எல்லா இடத்தையும் அது பிடிக்கும். அதேபோல `refund` என்று தேடினால் ‘திரும்பத் தரப்படாது’ என்று சொல்லும் `non-refundable` என்பதும் சேர்ந்தே வந்துவிடும். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கேள்வியைத் தட்டினால்தான் பதில் விரியும் வகையில் அமைத்த உதவிப் பக்கங்களில், மூடிக் கிடக்கும் பகுதிக்குள் தேடல் போகாமல் விடலாம். எல்லாவற்றையும் விரித்துவிட்டு மறுபடி தேடுங்கள். பிடிஎஃப் படமாக ஸ்கேன் செய்யப்பட்டிருந்தாலும் இதே கதைதான்: எழுத்தைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் தேடலும் வேலை செய்யாது.

`renew` காட்டும் வாக்கியங்களில் ஒன்றுதான் முக்கியமானது. அதன் வடிவம் ஏறத்தாழ எல்லா நிறுவனத்திலும் ஒன்றே: ‘முதல் காலம் முடிந்ததும், அதே அளவு காலத்துக்குச் சந்தா தானாக நீளும், நடப்புக் காலம் முடிவதற்குக் குறைந்தது இத்தனை நாள் முன்பு எந்தத் தரப்பாவது வேண்டாமென்று தெரிவித்தால் ஒழிய; நீளும்போது அப்போதைய விலை பொருந்தும்.’ இந்த ஒரே வாக்கியத்தில் உங்கள் கேள்விக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. எவ்வளவு காலம் நீளும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், என்ன விலை. ‘அப்போதைய விலை’ என்பதைக் கவனியுங்கள். முதல் ஆண்டில் தள்ளுபடியில் எடுத்திருந்தால், இரண்டாம் ஆண்டுக்கு முழு விலை போகும். அதற்குத் தனியாக அனுமதி கேட்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் தேதியைக் கணக்கிடுவோம். முன்னறிவிப்பு 30 நாள் என்று உங்கள் ஆவணத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (மாதச் சந்தாக்களில் பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது, அடுத்த பில்லுக்கு முன் ரத்து செய்தால் போதும். நிறுவனங்களுக்கு விற்கும் ஆண்டுச் சந்தாக்களில் 30, 60, 90 நாள் எல்லாம் வரும்.) காலம் எப்போது தொடங்கியது என்பது முதல் சிக்கல். பதிவு செய்த பிப்ரவரி 24-ஆ, பணம் போன மார்ச் 10-ஆ? ஆவணத்தில் பெரிய முதலெழுத்தோடு வரும் `Term`, `Effective Date`, `Start Date` போன்ற சொற்களுக்கு அவர்களே பொருள் எழுதியிருப்பார்கள். அந்தப் பொருள்தான் செல்லும், அகராதிப் பொருள் செல்லாது. இலவச நாட்கள் முடிந்த பிறகே கட்டணக் காலம் தொடங்கும் என்று இருந்தால், உங்கள் ஆண்டு 2025 மார்ச் 10-இல் தொடங்கி 2026 மார்ச் 9-இல் முடியும். மார்ச் 9-இலிருந்து பின்னோக்கி 30 நாள் எண்ணுங்கள்: மார்ச்சில் 9 நாள் கழிந்தால் பிப்ரவரி 28, இன்னும் 21 நாள் கழிந்தால் பிப்ரவரி 7. அன்றுதான் கடைசி நாள். பலர் ‘மார்ச் 10-க்கு ஒரு மாதம் முன்பு, அதாவது பிப்ரவரி 10’ என்று மனக்கணக்குப் போட்டு மூன்று நாளில் ஓர் ஆண்டுப் பணத்தை இழக்கிறார்கள். பிப்ரவரிக்கு 28 நாள் என்பது அங்கேதான் காலை வாரிவிடும்.

பதிவு செய்த நாளிலிருந்தே காலம் தொடங்குவதாக எழுதியிருந்தால், எல்லாம் 14 நாள் முன்னே நகரும். கடைசி நாள் ஜனவரி 24 ஆகிவிடும். வாக்கியம் இரண்டு விதமாகவும் படிக்கும்படி இருந்தால், முந்திய தேதியையே உங்கள் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். நிறுவனம் தன் ஊர் நேரப்படி நாளை எண்ணும், உங்கள் ஊர் நள்ளிரவு அங்கே கணக்கில்லை. இன்னொன்று: கார்டில் பணம் எடுக்கும் நாளும் காலம் முடியும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சில நிறுவனங்கள், குறிப்பாக வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்பவர்கள், காலம் முடிவதற்குப் பல நாள் முன்பே அடுத்த ஆண்டுப் பணத்தை எடுத்துவிடுவார்கள். அதையும் நிபந்தனையில் எழுதியிருப்பார்கள். ‘முடியும் நாளுக்கு முந்தின நாள் ரத்து செய்கிறேன்’ என்று இருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஆண்டின் நடுவில் பிளானை உயர்த்தியிருந்தால் காலம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கலாம். `upgrade` என்றும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

அடுத்தது ரத்து. இங்கேதான் மிகப் பெரிய குழப்பம். நாம் ரத்து என்றால் ‘இன்றோடு முடிந்தது’ என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலான நிபந்தனைகளில் `cancel` என்பதற்குப் பொருள் அதுவல்ல. அடுத்த புதுப்பிப்பை நிறுத்துவது மட்டும்தான். நீங்கள் இன்றே ரத்து செய்தாலும் 2026 மார்ச் 9 வரை மென்பொருள் வேலை செய்யும், கட்டிய பணமும் அவர்களிடமே இருக்கும். ஒப்பந்தத்தையே நடுவில் முறிப்பது `terminate`. அதற்குத் தனிப் பகுதி, தனிக் காரணங்கள். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிப் படித்தால் மீதி எல்லாமே தப்பாகப் புரியும்.

உங்களுக்கு இது ஒரு வகையில் நல்லதுதான். ரத்து என்றால் புதுப்பிப்பை நிறுத்துவது மட்டுமே என்று ஆவணம் சொன்னால், கடைசி நாள் வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. இன்றே செய்துவிடுங்கள், மீதி மாதங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அழுத்துமுன் ஒன்றை மட்டும் உறுதிசெய்யுங்கள்: ரத்து உடனே நடக்குமா, காலம் முடியும்போது நடக்குமா? சில நிறுவனங்களில் ரத்து செய்த கணமே கணக்கு இலவச நிலைக்கு இறங்கிவிடும், பணமும் வராது. `immediately` என்ற சொல் ரத்துப் பகுதியில் இருந்தால் அந்த வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள். அப்படி இருந்தால் மட்டும், கடைசி நாளுக்குச் சில நாள் முன்பு என்று நாட்காட்டியில் குறித்து வைத்துக் காத்திருங்கள்.

பணம் திரும்புமா என்ற கேள்விக்கு வருகிறேன். `refund` என்று தேடியதும் கண்ணில் படும் வாக்கியம் பலரைத் தவறாக மகிழ வைக்கும். ‘மீதமுள்ள காலத்துக்கு முன்கூட்டிக் கட்டிய தொகையைத் திருப்பித் தருவோம்’ என்று தெளிவாகவே இருக்கும். ஆனால் அது வாக்கியத்தின் பின்பாதி. முன்பாதிக்குப் போங்கள்: ‘நாங்கள் ஒப்பந்தத்தை மீறி, நீங்கள் எழுத்தில் தெரிவித்து 30 நாளாகியும் சரிசெய்யாததால் நீங்கள் முறித்தால்’. அதாவது தவறு அவர்களுடையதாக இருக்க வேண்டும். எனக்கு இனி தேவையில்லை என்று விலகுபவருக்கு அந்த வாக்கியம் எதுவும் தராது. அவருக்குப் பொருந்துவது வேறொரு மூலையில், கட்டணப் பகுதியில் இருக்கும்: ‘கட்டணங்கள் திரும்பத் தரப்படாதவை; பயன்படுத்தாத பகுதிக்குப் பகுதித் தொகை கிடையாது’. ஆகவே `refund` வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே விலகுவது யார், எந்தக் காரணத்துக்காக? அவர்கள் சேவையையே நிறுத்தினால் ஒன்று, அவர்கள் மீறினால் ஒன்று, நீங்கள் மீறி அவர்கள் வெளியேற்றினால் ஒன்று, நீங்களாக விலகினால் ஒன்று. நான்குக்கும் நான்கு பதில் இருக்கும்.

‘30 நாளில் பணம் திரும்பும் உத்தரவாதம்’ போன்ற விளம்பர வரிக்கும் இதே கவனம் வேண்டும். அது முதல் கொள்முதலுக்கு மட்டுமா, தானாக நீண்ட ஆண்டுக்கும் உண்டா என்று நிபந்தனையில் பாருங்கள். புதுப்பிப்புக்கும் உண்டு என்றால் அது உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு: தேதியைத் தவறவிட்டாலும், பணம் போன நாளிலிருந்து அத்தனை நாளுக்குள் கேட்டால் திரும்பும். முதல் கொள்முதலுக்கு மட்டும் என்றால், மார்ச் 10-இலிருந்து அத்தனை நாள் கடந்திருந்தால் உங்களுக்கு அது உதவாது.

ஆண்டுச் சந்தா, ஆனால் மாதாமாதம் கட்டுவது என்ற வகை எடுத்தவர்கள் இன்னொன்றையும் தேட வேண்டும்: `early termination`. பார்க்க மாதச் சந்தா மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது 12 மாதக் கடப்பாடு. நான்கு மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால், மீதி எட்டு மாதத் தொகையில் ஒரு பங்கு அபராதமாகப் போகும். பங்கு பாதி என்று எழுதியிருந்தால், நான்கு மாதக் கட்டணத்தைச் சும்மா கட்டுவதற்குச் சமம். நீங்கள் மொத்தமாகக் கட்டியிருப்பதால் இது உங்களைத் தொடாது.

இதற்கெல்லாம் மேலே சட்டம் இருக்கிறது. ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் நாடு வாரியாகச் சில பத்திகள் வரும். `consumer` அல்லது `statutory` என்று தேடினால் கிடைக்கும். உதாரணமாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையவழியாக வாங்கும் தனிநபருக்கு 14 நாளுக்குள் விலகும் உரிமை உண்டு. ஆனால் டிஜிட்டல் பொருளை உடனே தரச் சொல்லி, அந்த உரிமை போகும் என்பதையும் ஏற்றுக்கொண்டு கட்டத்தில் டிக் அடித்திருந்தால் அது இல்லாமல் போகக்கூடும். நீங்கள் வாழும் நாட்டுக்கான பத்தி இருந்தால், மேலே உள்ள பொது வாக்கியத்தைவிட அதுதான் உங்களுக்குரியது. நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் பொருந்தாது.

ஆப்பிள் ஆப் ஸ்டோரிலோ கூகுள் பிளேயிலோ வாங்கியவர்கள், ஆப் செய்த நிறுவனத்தின் ரீஃபண்ட் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். ரத்து செய்ய வேண்டியது அந்தந்த ஸ்டோர் கணக்கின் சந்தாப் பட்டியலில். ஆப்பிளில் புதுப்பிக்கும் நேரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாவது செய்துவிடுங்கள். பணம் திரும்பக் கேட்பது reportaproblem.apple.com பக்கத்தில். ஆப்பை ஃபோனிலிருந்து நீக்குவதால் சந்தா நிற்காது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எந்த வழியில் தெரிவித்தால் ரத்து செல்லும் என்பதை `notice` வரும் இடத்தில் பாருங்கள். கணக்கின் பில்லிங் பக்கத்தில் செய்ய வேண்டும் என்று இருந்தால் அங்கேதான் செய்ய வேண்டும். உதவிக் குழுவுக்கு எழுதிய மின்னஞ்சலை ஏற்காமல் விட அவர்களுக்கு இடம் இருக்கிறது. குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் அதே முகவரிக்கு, சந்தா கட்டிய கணக்கின் மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். பொத்தானை அழுத்தியதும் காரணம் கேட்கும் பக்கம், தள்ளுபடி காட்டும் பக்கம், தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாமா என்று கேட்கும் பக்கம் என வரிசையாக வரும். நடுவில் விட்டுவிட்டு வந்தால் ரத்தாகியிருக்காது. தற்காலிக நிறுத்தமும் ரத்து அல்ல. கெடு முடிந்ததும் பில் மீண்டும் தொடங்கும்.

ரத்தானதா என்று அறிய ஒரு நல்ல அடையாளம் உண்டு. பில்லிங் பக்கத்தில் இதுவரை `Renews on` என்று ஒரு தேதி இருந்திருக்கும். ரத்து பதிவானால் அது `Expires on`, `Ends on`, `Active until` போன்ற ஒன்றாக மாற வேண்டும். பக்கத்தை மறுபடி ஏற்றிய பிறகும் பழைய சொல்லே இருந்தால் வேலை முடியவில்லை. மாறியதும் திரையைத் தேதியோடு படமெடுத்து, உறுதி மின்னஞ்சல் வந்ததா என்றும் பாருங்கள். ஒரு நாளுக்குள் வரவில்லையென்றால் ‘இந்தத் தேதியில் ரத்து செய்தேன், உறுதிசெய்யுங்கள்’ என்று எழுதிக் கேளுங்கள். உங்கள் கோப்புகளை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலம் முடிந்தபின் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது `data` அல்லது `export` என்ற தேடலில் தெரியும், சில இடங்களில் அது மிகக் குறைவு.

கார்டை நீக்கிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒப்பந்தம் அப்படியே இருக்கும், தொகை பாக்கியாக நிற்கும், கணக்கு முடக்கப்படும். வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பிடுங்கும் சார்ஜ்பேக்கும் முதல் வழி அல்ல. பல நிபந்தனைகள் அதற்குக் கணக்கை மூடுவதாகவே எழுதியிருக்கின்றன. ரத்து உறுதியான பிறகும் மார்ச்சில் பணம் போனால் மட்டும் அந்த வழி. அப்போதும் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள்: ரத்து செய்த தேதி, அன்று எடுத்த திரையின் படம், முன்னறிவிப்பு பற்றிய அந்த ஒரு வாக்கியம் பிரிவு எண்ணோடு, நீங்கள் சேமித்த பதிப்பின் தேதி. இந்த நான்கும் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். பதில் வர நியாயமான கெடு ஒன்று கொடுங்கள். கார்டு தகராறு எழுப்ப வங்கிக்கும் ஒரு காலக்கெடு உண்டு. அது கடந்துபோகாதபடி அந்தத் தேதியையும் வங்கியிடம் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.